பின்தொடரும் துணைவன்: தடமா, இடமா? சண்டையில் பட்டியலா, ஸ்டேட் மெஷினா?

கேமில் நம்மோடு வரும் துணைக் கதாபாத்திரத்துக்கு இரண்டு வேலைகள்: பின்னால் வர வேண்டும், சண்டை வந்தால் கூட நிற்க வேண்டும். இரண்டுக்கும் ஆளுக்கொரு எளிய முறை சொல்வார்கள்.

முதலில் பின்தொடர்வது. தடம் பிடிக்கும் முறையில், பிளேயர் கால் மீட்டர் நகரும்போதெல்லாம் அவர் நிற்கும் புள்ளியைக் குறித்து வைக்கிறோம். துணைவன் எட்டுப் புள்ளி பின்தங்கி, அதாவது இரண்டு மீட்டர் தள்ளி, அதே புள்ளிகள் வழியாக வருகிறான். பிளேயர் நடந்த பாதை என்பதால் சுவரில் முட்டும் பேச்சே இல்லை, பாதை தேடும் கணக்கும் வேண்டாம். ஆனால் குறுகிய நடைபாதையில் பிளேயர் சட்டென்று திரும்பினால் துணைவன் நேர் எதிரே வழியை மறித்து நிற்பான். அந்த நேரத்துக்கு மட்டும் இருவருக்கும் இடையே மோதலை அணைத்துவிட்டால் போதும்.

இடம் பிடிக்கும் முறையில், பிளேயருக்கு வலப்பக்கம் பின்னால் இரண்டு மீட்டரில் ஓர் இடத்தை ஒதுக்கி, துணைவனை அங்கே போகச் சொல்கிறோம். திறந்த வெளியில் இது அழகு. வரிசையில் வராமல் தோளோடு தோளாக வருவதுபோல் இருக்கும். சிக்கல் பிளேயர் நின்ற இடத்திலேயே திரும்பும்போது வருகிறது. அரைச்சுற்று திரும்பினால் அந்த இடம் நான்கு மீட்டர் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடும், துணைவன் அங்குமிங்கும் ஓடுவான். பார்க்கும் திசையை விட்டுவிட்டு, கடைசியாக நடந்த திசையை வைத்துக் கணக்கிட்டால் இது அடங்கும்.

கதவருகே வருவது இன்னும் மோசமான சிக்கல். ஒதுக்கிய இடம் சுவருக்குள் விழும். அருகில் நடக்கக்கூடிய புள்ளியைத் தேடினால் அது பக்கத்து அறையில் கிடைக்கும். துணைவன் கட்டடத்தையே சுற்றப் புறப்படுவான். நேர்த்தூரம் இரண்டு மீட்டராக இருந்து, நடக்கும் பாதை அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வந்தால் அந்த இடத்தைத் தள்ளிவிட வேண்டும். என் தேர்வு கலவைதான்: வெளியில் இடம், இடம் தள்ளுபடியானால் தடம்.

சரி, சண்டை. 2006இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 12 கேமில் காம்பிட் என்று ஒன்று உண்டு. ஒரு நிபந்தனை, ஒரு செயல் என்று ஒவ்வொருவருக்கும் 12 வரிகள் வரை அடுக்கலாம். மேலிருந்து பார்த்து, முதலில் பொருந்தும் வரி நடக்கும். இதையே நம் கேமில் இப்படி எழுதலாம்:

```
if leashed: return to_player
if ally_hp < 0.5 and heal_ready: return heal
if player_target: return attack
return follow
```

இதற்குப் போட்டி ஸ்டேட் மெஷின். பின்தொடர்தல், தாக்குதல், குணப்படுத்துதல், திரும்புதல் என்று நிலைகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற தனித்தனி விதிகள். இந்த நான்குக்கே 12 மாற்றங்கள் வரை வரும். ஐந்தாவது நிலையைச் சேர்த்தால் 20. பட்டியலிலோ ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

ஸ்டேட் மெஷின் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. துணைவன் 12 மீட்டருக்கு மேல் தள்ளிப் போனால் திரும்ப வேண்டும் என்று வையுங்கள். பட்டியல் முறையில் 12ஐத் தாண்டியதும் திரும்புவான். ஓரடி வந்ததும் நிபந்தனை பொய்யாகிவிடும், மறுபடி எதிரியைத் துரத்துவான். எல்லையில் நின்று நடுங்குவான். ஸ்டேட் மெஷினுக்கு நினைவு இருக்கிறது: திரும்பும் நிலையில் இருந்தால் 6 மீட்டர் வரும்வரை திரும்பிக்கொண்டே இருக்கும். அந்த ஒரு நினைவைப் பட்டியலுக்கும் கொடுக்கலாம். மேலே உள்ள leashed அதுதான்: 12இல் உண்மையாகி 6இல் பொய்யாகும் கொடி.

குணப்படுத்துவதில் கதை தலைகீழ். பிளேயரின் உயிர் 100இல் 45. ஒரு மருந்து 20 ஏற்றுகிறது, அதே நேரத்தில் எதிரி 20 அடிக்கிறான். '80 வரும்வரை குணப்படுத்து' என்ற நிலைக்குள் போன துணைவன் வெளியே வரவே மாட்டான், எதிரியும் சாக மாட்டான். பட்டியலில் heal_ready 6 விநாடிக்கு ஒருமுறைதான் உண்மை. மற்ற நேரத்தில் அந்த வரி விழுந்து அடுத்த வரிக்கு, அதாவது தாக்குதலுக்குப் போகும். அதனால் என் ஓட்டு பட்டியலுக்கே. அதில் நினைவு தேவைப்படும் இடத்தில் மட்டும் ஒரு கொடி.

வரிசை மாறினால் குணமே மாறும் என்பதையும் கவனியுங்கள். தாக்குதல் வரியை மேலே தூக்கினால், எதிரி இருக்கும்வரை இவன் யாருக்கும் மருந்து கொடுக்க மாட்டான். சோதிக்கும்போது துணைவனின் தலைக்கு மேல் இப்போது ஓடும் வரியின் பெயரைக் காட்டுங்கள். ஒரு விநாடிக்குள் அது பலமுறை மாறி மாறி மின்னினால், எந்த இரண்டு பெயர்கள் மின்னுகின்றன என்று பாருங்கள். அவற்றுக்கு இடைப்பட்ட எல்லைக்குத்தான் கொடி வேண்டும்.