லாண்டரி பில்லிங்குக்கு இந்த சாஃப்ட்வேர்: ரேட் ஏத்தின பிறகு என் அனுபவம்

நம்மள மாதிரியே லாட்ஜ்களுக்கு லாண்டரி எடுக்கற நண்பர் ஒருத்தர் "ரேட் ஏத்தணும், உங்க சாஃப்ட்வேர் தாங்குமா"ன்னு கேட்டார், அதுக்குத்தான் இது.

முதல்ல நல்லது. ஒவ்வொரு கஸ்டமருக்கும் தனி ரேட் லிஸ்ட் போட்டு எந்த தேதியில இருந்துன்னு குடுத்துட்டா, அதுக்கு முந்தின பில்லோட அடியிலேயே பழைய ரேட், புது ரேட், தேதி மூணும் தானா பிரிண்ட் ஆகுது. பெட்ஷீட் 14ல இருந்து 16, டவல் 6ல இருந்து 7, ஏப்ரல் 1 முதல்னு. வாட்ஸப்ல அனுப்பினா ஓனர் பார்த்துட்டு விட்டுடுவார், பணம் போடற அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு அது போய்ச் சேராது, ஆனா பில்லை அவர் படிச்சே ஆகணும். இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இதை ரொம்பப் புடிக்கும். (ரேட் காண்ட்ராக்ட் போட்ட பெரிய ஹோட்டல்னா இது பத்தாது, திருத்தின பிஓ கையில வாங்கிக்கங்க, பிஓ ரேட்டும் பில் ரேட்டும் ஒத்துப்போகலைன்னா பில் பாஸ் ஆகாது.)

இப்ப கோபம். நம்ம பில் 26ல இருந்து 25 வரைக்கும். துணி எடுத்த தேதி சலான்ல இருக்கு, மார்ச் 31 வரைக்கும் எடுத்ததுக்கு பழைய ரேட்னுதான் கஸ்டமர்கிட்ட பேச்சு. சாஃப்ட்வேர் சலான் தேதியைப் பார்க்கறதே இல்ல, பில் தேதியைத்தான் பார்க்குது! ஒரு லாட்ஜுக்கு 600 பெட்ஷீட், அதுல 150 மார்ச்ல எடுத்தது. 2100ம் 7200ம் சேர்ந்து 9300 வரணும், இது மொத்தத்துக்கும் 16 போட்டு 9600னு பில் அடிச்சிடுச்சு. மேனேஜர் ஃபோன்ல "ஏனுங்க, மார்ச் துணிக்கும் புது ரேட்டுங்களா"ன்னு கேட்டுட்டு முழு பில்லையும் நிறுத்தி வெச்சுட்டார். 300 ரூபாயும் அதுக்கு 18% ஜிஎஸ்டி 54ம் சேர்த்து 354க்கு, பழைய பில் நம்பரைக் குறிப்பிட்டு கிரெடிட் நோட் போட்ட பிறகுதான் பணம் வந்துச்சு.

ரெண்டு வரியா பிரிச்சுப் போடலாம்னா, ஒரே ஐட்டம்னு பிரிண்ட்ல ஒண்ணா சேர்த்து 15.50ன்னு சராசரி ரேட் காட்டுது, அந்த ரேட்டை நாம யாருக்குமே சொல்லலையே, படிக்கறவங்க என்ன நினைப்பாங்க? "பெட்ஷீட் ஏப்ரல்"னு புது ஐட்டம் உண்டாக்கினா பிரிஞ்சு வருது, ஆனா வருஷக் கணக்கு எடுக்கறப்ப எண்ணிக்கை ரெண்டா உடையுது. சப்போர்ட்ல சொல்லியாச்சு, அப்டேட்ல வரும்ங்கறாங்க, இன்னும் வரல.

பில் மாசத்தோட ஒண்ணாந்தேதி தொடங்கறவங்களுக்கு இந்தத் தொல்லையே இருக்காது. ஆனாலும் என்னைக் கேட்டா வேணாம், சலான் தேதியைப் பார்த்து ரேட் எடுக்கற சாஃப்ட்வேரா தேடுங்க, டெமோவுலயே பில் நடுவுல ரேட் மாத்திக் காட்டச் சொல்லுங்க.