கொள்முதல் தொகை திரும்புமா, பென்ஷன் கூடுமா?

கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கிற எங்க பெரியப்பாவுக்கு வயசு 60. சத்தியமங்கலம் ரோட்டுச் சைட்டை விற்ற காசில் 10 லட்சத்தை, மொத்தமாகப் பணம் கட்டி ஆயுள் முழுக்கப் பென்ஷன் வாங்குகிற ஆன்யுட்டியில் போடலாம் என்று முடிவு செய்திருந்தார். "ஏந்தம்பி, ஒண்ணுல வருசத்துக்கு 85 ஆயிரம், இன்னொண்ணுல 68 ஆயிரம்கறாங்க. ஆனா அந்த ரெண்டாவதுல எனக்கப்புறம் 10 லட்சமும் பையனுக்கு வந்துருமாம். எது நல்லது?" என்று கேட்டார்.

விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி வேறாக இருக்கும், மாதாமாதம் கூட மாறும். அதனால் அவர் சொன்ன எண்களையே கணக்குக்கு வைத்துக்கொள்கிறேன்.

முதல் வகையில் பெரியப்பா இருக்கும் வரை பணம் வரும், அவரோடு அது நின்றுவிடும். 64 வயதில் காலமானால் கைக்கு வந்தது 3 லட்சத்து 40 ஆயிரம்தான். மீதியில் குடும்பத்துக்குப் பங்கில்லை. அந்தப் பணத்தை வைத்துத்தான் 95 வரை வாழ்கிறவருக்குக் கம்பெனி கொடுக்கிறது. 85 ஆயிரம் கிடைப்பதே அதனால்தான்.

இரண்டாவதில் கொள்முதல் தொகையை, அதாவது போட்ட முதலை, யாரும் தொடுவதில்லை. கிட்டத்தட்ட வட்டி மட்டும் வருகிறது, போட்ட 10 லட்சம் வாரிசுக்குப் போகிறது. அதாவது பெரியப்பா வருசம் 17 ஆயிரத்தை விட்டுக்கொடுத்து, தன் இறப்புக்கு 10 லட்ச ரூபாய் காப்பீடு வாங்குகிறார். இப்படிப் பார்த்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும்.

அந்தக் காப்பீடு விலைக்குத் தகுமா? முதல் வகையை எடுத்து, கூடுதலாக வரும் 17 ஆயிரத்தை வருசா வருசம் 6.5 சதவீத வட்டியில் சேர்த்தால், 10 லட்சம் ஆக 25 வருசம் பிடிக்கும். ஆக 85 வயசுக்கு முன்னால் காலமானால் இரண்டாவது வகையில் வாரிசுக்கு லாபம், அதைத் தாண்டினால் முதல் வகை முந்தும். வட்டிக்கு வரி போனால் அந்த வயசு இன்னும் தள்ளிப்போகும். அதோடு, கூடுதலாக வருகிற காசைச் செலவழிக்காமல் 25 வருசம் சேர்க்கிற ஆள் எத்தனை பேர்?

பையனுக்குப் போகிற 10 லட்சத்தையும் இன்றைய மதிப்பில் நினைக்கக் கூடாது. விலைவாசி வருசம் 6 சதவீதம் ஏறினால், 25 வருசம் கழித்து அது இன்றைய 2 லட்சத்து 33 ஆயிரத்துக்குச் சமம்.

இதெல்லாம் பையனைப் பற்றிய கவலை. நான் பயந்தது பெரியம்மாவை நினைத்து. அவருக்கு வயசு 55, சொந்த வருமானம் இல்லை. பெரியப்பா பேரில் மட்டும் முதல் வகையை எடுத்திருந்தால் அவருக்குப் பின் பெரியம்மாவுக்கு ஒரு ரூபாய் வராது. இருவர் பேரிலும் எடுத்து, ஒருவர் போனாலும் மற்றவருக்கு முழுப் பென்ஷன் என்று வைத்தால், முதல் திரும்பாத வகையில் 85 ஆயிரம் நன்றாகவே குறையும், ஏனென்றால் இளையவரின் ஆயுள் வரைக்கும் கொடுக்க வேண்டும். முதல் திரும்பும் வகையிலோ சொற்பம்தான் குறையும். அங்கே வருவது வட்டி என்பதால், இன்னும் சில வருசம் கொடுப்பது கம்பெனிக்குப் பெரிய சுமையில்லை. பெரியப்பாவுக்கு இதைத்தான் சொன்னேன். எல்.ஐ.சி.யின் ஜீவன் அக்ஷய் 7 திட்டத்தில் இது 'ஜே' விருப்பம். தனி ஆளுக்கு முதல் திரும்புவது 'எஃப்', திரும்பாதது 'ஏ'.

இன்னொரு விசயமும் எஃப், ஜே பக்கம் சாய வைத்தது. அந்தத் திட்டத்தில் அவை இரண்டுக்கும் கடன் வசதியும், பாலிசியை ஒப்படைத்துப் பணம் வாங்குகிற சரண்டரும் உண்டு. 'ஏ' விருப்பத்தில் அந்த வழியே இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தாலும் போட்ட காசைத் தொட முடியாது.

அப்படியென்றால் 'ஏ' யாருக்கு? பெருந்துறையில் இருக்கிற எங்க சின்ன அத்தைக்கு வயசு 75. மாமா இல்லை, பிள்ளைகளும் இல்லை. முதல் திரும்பும் வகையில் வயசு ஏற ஏறப் பென்ஷன் அதிகம் கூடாது. திரும்பாத வகையில் கூடிக்கொண்டே போகும். 75-ல், முதல் திரும்பும் வகையில் கிடைப்பதைப் போல ஏறக்குறைய இரட்டிப்பாக இருக்கும். அந்த வயசில் யாருக்கோ முதலை விட்டுப்போவதற்காக, மருந்துக்கும் வேலைக்காரம்மா சம்பளத்துக்கும் ஆக வேண்டிய பாதிப் பென்ஷனை விடுவது நியாயமில்லை. கைச்செலவுக்குக் கொஞ்சம் டெபாசிட்டில் வைத்துக்கொண்டு மீதியை மட்டும் 'ஏ'யில் போடச் சொன்னேன்.

எந்த விருப்பம் என்பதைப் பின்னால் மாற்ற முடியாது. பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். பெரியப்பா வீட்டுக்குப் பத்திரம் வந்த அன்றே விருப்ப எழுத்தையும், இரண்டாவது பேராகப் பெரியம்மா இருக்கிறாரா என்பதையும், நாமினி இடத்தில் பையன் பேர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்பதையும் விரல் வைத்துப் பார்த்தோம். பையன் பேரில் ஒரு எழுத்து தவறி இருந்தது. மறுநாளே போய்த் திருத்த எழுதிக் கொடுத்தோம்.