9,000 என்று எழுதி விற்ற எமர்ஜென்சி லைட்டும், எரிந்துபோன எங்கள் ஜன்னல் திரையும்

எமர்ஜென்சி லைட் வாங்கப் போகிறவர்களும் ஏற்கெனவே வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போன மாதம் எங்கள் வீட்டில் தீப்பிடித்தது. ஒரு ஜன்னல் திரையோடும் அம்மாவின் வலது கையில் ஒரு கொப்புளத்தோடும் போனது. ஆரம்பம் எது என்று பார்த்தால், நான் ஆன்லைனில் வாங்கிய ஒரு ரீசார்ஜபிள் விளக்கு.

பெட்டியில் 5 வாட் எல்இடி, 9,000 மில்லி ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி, ஆறு மணி நேரம் எரியும் என்று போட்டிருந்தது. விற்றவரிடம் வாங்குவதற்கு முன்பே கேட்டேன், "முழு வெளிச்சத்திலேயே ஆறு மணி நேரம் வருமா?" என்று. "கண்டிப்பாக வரும் சார்" என்று பதில் வந்தது. நம்பினேன். வந்த அன்று ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்து, பளிச்சென்று இருக்கிறதே என்று திருப்தியாக அலமாரியில் வைத்துவிட்டேன். அந்த ஐந்து நிமிடம் ஐம்பது நிமிடமாக இருந்திருந்தால் அன்றைக்கே உண்மை தெரிந்திருக்கும்.

தீப்பிடித்த அன்று இரவு ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. முந்தின இரவு முழுக்கச் சார்ஜ் போட்டிருந்ததால் தைரியமாக விளக்கைப் போட்டோம். நாற்பது நிமிடத்தில் மங்கியது, அப்புறம் சுத்தமாக அணைந்தது. கைபேசியில் ஆறு சதவீதம்தான் இருந்தது. டிராயரில் இருந்த டார்ச்சை எடுத்தால் அதுவும் எரியவில்லை. மூடியைத் திறந்தபோது, எப்போதோ போட்டு மறந்த அல்கலைன் செல்கள் ஒழுகி, ஸ்பிரிங் முழுக்க வெள்ளையாகப் பொரிந்திருந்தது. அம்மா இருட்டில் தடவி ஒரு மெழுகுவர்த்தியைக் கண்டுபிடித்து, கைக்குக் கிடைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடியில் மெழுகைச் சொட்டவிட்டு ஒட்ட வைத்து, ஜன்னலோர மேசையில் வைத்தார்.

கரண்ட் இல்லாத இரவில் ஒரு வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மின்விசிறி ஓடாது, புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைப்போம், காற்று வரும், காற்றோடு திரையும் உள்ளே வரும். மற்ற நாட்களில் ஒட்டிக் கிடக்கும் அந்தத் திரை அன்றைக்குத்தான் ஓர் அடிக்கு மேல் உள்ளே ஆடுகிறது. சுடருக்கும் எரியக்கூடிய பொருளுக்கும் நடுவில் குறைந்தது 30 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பார்கள். மேசையில் வைத்தபோது அந்த இடைவெளி இருந்தது. காற்று அடித்தபோது இல்லை.

நாங்கள் கண்ணயர்ந்துவிட்டோம். மெழுகுவர்த்தி அடிவரைக்கும் எரிந்து, திரி உருகிய மெழுகுக் குட்டையில் சாய்ந்து, அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் மூடியும் இளகிப் பற்றிக்கொண்டது. சின்னச் சுடராக இருந்தது உள்ளங்கை அகலத்துக்கு நெருப்பாகிவிட்டது. மகள் நாற்றம் தாங்காமல் எழுந்து கத்திய பிறகுதான் பார்த்தோம், திரையின் கீழ் ஓரம் எரிந்துகொண்டிருந்தது. சிந்தெடிக் துணி உருகிச் சொட்டுச் சொட்டாக எரிந்தபடியே விழும், அதில் ஒரு சொட்டுதான் அம்மாவின் கையில் விழுந்தது. திரையைப் பிடுங்கிக் கீழே போட்டு, குடத்துத் தண்ணீரை ஊற்றி அணைத்தேன். மேசையில் எரிந்த மெழுகின் மேல் மட்டும் தண்ணீர் ஊற்றவில்லை. கொதிக்கும் மெழுகில் தண்ணீர் பட்டால் வெடித்துத் தெறித்து நெருப்பு இன்னும் பரவும். ஒரு பெரிய ஸ்டீல் பாத்திரத்தைக் கவிழ்த்து மூடினேன், காற்றில்லாமல் அணைந்தது. அம்மாவின் கையைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்தோம்.

மறுநாள் அந்த விளக்கைத் தூக்கிக்கொண்டு எங்களுக்குத் தெரிந்த எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். நான்கு ஸ்குரூவைக் கழற்றி உள்ளேயிருந்த ஒற்றைச் செல்லைக் கையில் எடுத்தவர், "தம்பி, இதுல வெயிட்டே இல்லையே" என்றார். 18650 என்று சொல்லும் அளவு, விரல் நீளத்துக்குச் சற்றுக் குறைவான உருளை. நல்ல 18650 செல் ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். இதைத் தராசில் வைத்தால் 26 கிராம் காட்டியது. அந்த அளவில் கிடைக்கும் மிக நல்ல செல்லே 3,500-ஐ ஒட்டித்தான் வரும் என்பதால், ஒரே செல்லில் 9,000 என்று எவர் எழுதினாலும் அது பொய், பிராண்டைப் பார்க்கவே வேண்டாம்.

கணக்கையும் அவரே போட்டுக் காட்டினார். 9,000 என்பது 9 ஆம்பியர் மணி. அதைச் செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 33 வாட் மணி, 5 வாட் விளக்குக்கு ஆறரை மணி நேரம். பெட்டியில் இருக்கிற எண்கள் ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்துகின்றன, அதனால்தான் நானும் ஏமாந்தேன். ஆனால் எங்களுக்கு எரிந்தது நாற்பது நிமிடம். அதாவது அந்தச் செல்லில் இருந்தது சுமார் மூன்றரை வாட் மணிதான், திருப்பிக் கணக்குப் போட்டால் 900 சொச்சம். எழுதியதில் பத்தில் ஒரு பங்கு.

ஆனால் அவர் அடுத்து காட்டியதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. லித்தியம் செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது, ஏற்றினால் உப்பும், சூடாகும், உள்ளே ஷார்ட் ஆகி எரியும் வாயுவைக் கக்கித் தீப்பிடிக்கலாம். அதற்காகத்தான் நல்ல விளக்கில் சார்ஜை நிறுத்த ஒரு தனி சிப் இருக்கும். இந்த விளக்கில் அது இல்லை. யூஎஸ்பியில் வரும் 5 வோல்ட் ஒரு ரெசிஸ்டரும் ஒரு டயோடும் வழியாக நேரே செல்லுக்குப் போகிறது. "இது எங்க நிக்கும்னு பாருங்க" என்று சொல்லி, கண் எதிரிலேயே வைத்துச் சார்ஜ் போட்டு, நடுநடுவே மீட்டரை வைத்துப் பார்த்தார். ஊசி... இல்லை, எண் 4.2-ஐத் தாண்டியது. 4.31-இல் அவரே பிடுங்கிவிட்டார். செல்லுக்கு நேர் மேலே விளக்கின் வெள்ளை உடல் பழுப்பாக மாறியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இத்தனை நாள் இதை மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டிருக்கிறேன். மெழுகுவர்த்தி இல்லாமலேயே இந்த வீடு எரிந்திருக்கலாம்.

விற்றவருக்குத் தராசுப் படம், மீட்டர் படம் எல்லாம் அனுப்பினேன். முதலில் நான் அதிக நேரம் சார்ஜ் போட்டதுதான் தப்பு என்றார். உங்கள் தாளிலேயே எட்டு முதல் பத்து மணி நேரம் என்று இருக்கிறதே என்று அதையும் படம் எடுத்து அனுப்பினேன். அப்புறம் லேபிளை நாங்கள் அச்சடிக்கவில்லை என்றார், திருப்பித் தரும் ஏழு நாள் முடிந்துவிட்டது என்றார். விடாமல் கேட்டதும் பணம் தர முடியாது, வேறு மாடல் தருகிறேன் என்று ஒன்றை அனுப்பி வைத்தார்.

அதுவும் அதே அண்ணனிடம்தான் போனது, ஒருமுறைகூடப் பிளக்கில் செருகாமல். பின்பக்கம் மடக்கும் பின்களோடு நேரே சாக்கெட்டில் செருகும் வகை, உள்ளே சின்ன லெட் ஆசிட் பேட்டரி. எப்போதும் செருகியே வைக்கலாம் என்று தாளில் இருந்தது. திறந்தால் டிரான்ஸ்பார்மரே இல்லை. வீட்டு மின்சாரம் ஒரு கெபாசிட்டர் வழியாக நேரே பேட்டரிக்குப் போகிறது. நிறுத்த வழி இல்லாததால் எப்போதும் செருகியே வைத்தால் பேட்டரி காய்ந்து உப்பும், அது ஒரு பக்கம். சார்ஜ் ஏறும்போது பேட்டரி முனையில் கை பட்டால் நேரடி ஷாக், இது இன்னொரு பக்கம். இந்த மாதிரி சர்க்யூட்டில் கைபேசிக்கென்று யூஎஸ்பி துளையும் வைத்து விற்கிறார்களாம். தயவுசெய்து அதில் கைபேசியைச் செருகிக்கொண்டு பேசாதீர்கள்.

இதற்கெல்லாம் பிறகு அம்மா, பேசாமல் எண்ணெய் விளக்கே ஏற்றலாம் என்றார். அவர் சொல்வதில் பாதி சரி. எந்த எண்ணெய் என்பதுதான் கேள்வி. சமையல் எண்ணெயின் ஆவி தீப்பற்ற ஏறக்குறைய 300 டிகிரி சூடு வேண்டும், அதனால் அகல் கவிழ்ந்தால் பெரும்பாலும் திரி மூழ்கி அணைந்துவிடும் (துணியில் கொட்டி, திரியும் அதன் மேலேயே கிடந்தால் துணியே திரியாகிவிடும், அது வேறு). மண்ணெண்ணெய்க்கு 40 டிகிரியை ஒட்டிய சூடே போதும், கவிழ்ந்தால் பரவிக்கொண்டே எரியும். அதில் கொஞ்சம் பெட்ரோல் கலந்திருந்தால் விளக்கே வெடிக்கும். பழைய பாட்டிலில் திரி போட்டுச் செய்யும் விளக்குகளால் எரிந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து மனம் நொந்துதான் இலங்கை அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர குட்டையாக, கனமாக, உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையாக, திருகு மூடியோடு ஒரு விளக்கை வடிவமைத்தார். 1998-இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அரிக்கேன் விளக்கு வைத்திருப்பவர்கள் எரியும்போது எண்ணெய் ஊற்றாதீர்கள், அணைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் முதலில் கை போவது டார்ச்சுக்குத்தான். பென்சில் செல் போடும் டார்ச் ஒன்று, தலையில் மாட்டும் விளக்கு ஒன்று. செல்களை உள்ளே போட்டு வைப்பதில்லை, பக்கத்திலேயே உறையில் இருக்கின்றன. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குவதால் இருட்டில் தேட வேண்டாம். டார்ச்சைக் கூரையைப் பார்த்து நிற்க வைத்தால் அறை முழுக்கப் போதுமான வெளிச்சம் வருகிறது. கூடவே வேறு ஒரு ரீசார்ஜபிள் விளக்கு வாங்கினேன். இந்த முறை வாங்கிய அன்றே முழுச் சார்ஜ் ஏற்றி, அணையும் வரை எரியவிட்டு நேரம் பார்த்தேன். ஐந்து மணி நேரம் என்று போட்டிருந்தது, நான்கு மணி பத்து நிமிடம் வந்தது. சார்ஜ் பகலில்தான், ஸ்டீல் தட்டின் மேல், நாங்கள் விழித்திருக்கும்போது.

மெழுகுவர்த்திகளை அம்மா தூக்கிப் போட விடவில்லை. சரி, ஒரு ஸ்டீல் டம்ளரில் பாதி மணல் நிரப்பி அதில் நட்டு வைத்திருக்கிறார், ஏற்றினால் ஜன்னல் இல்லாத பக்கம், ஒருவர் முழித்திருந்தால் மட்டும்.

அந்த விளக்கு இன்றைக்கும் அதே படத்தோடு விற்பனையில் இருக்கிறது. வெள்ளை உடல், இரண்டு பக்கமும் எல்இடி பட்டை, மடக்கும் கைப்பிடி, 9,000 என்று பெரிய எழுத்து. இதுபோல ஒன்று உங்களிடம் இருந்தால் இன்று பகலில் சார்ஜ் ஏற்றி, மணி பார்த்து எரியவிட்டுப் பாருங்கள். சார்ஜில் இருக்கும்போது மேலே கை வைத்தால் சுட்டாலோ, உடல் எங்காவது பழுப்பாக மாறியிருந்தாலோ, உப்பியிருந்தாலோ பிடுங்கிவிடுங்கள், மறுபடி செருக வேண்டாம். குப்பையிலும் போடாதீர்கள், பழைய பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.