‘ஆ?’ என்று இழுக்காமல் சொல்வது: குடிநோய் ஆலோசனையில் மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்

மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்பது, மாற வேண்டும் என்ற எண்ணத்தை எதிரில் இருப்பவர் வாயிலிருந்தே வரவைக்கும் ஆலோசனை முறை. அதைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் முதலில் எழுதியபோது, குடிப்பிரச்சினை உள்ளவர்களையே முன்வைத்து எழுதினார். பிறகு ஸ்டீஃபன் ரோல்னிக்குடன் சேர்ந்து அதை வளர்த்தெடுத்தார். அதில் ஆலோசகர் அதிகம் புழங்குவது பிரதிபலிப்பு. எதிரில் இருப்பவர் சொன்னதை, அதற்கு அடியில் இருப்பதாகத் தோன்றுவதையும் சேர்த்து, ஒரே வாக்கியமாகத் திருப்பிச் சொல்வதுதான் அது. பயிற்சி வகுப்பில் எளிதாகத் தெரியும். தமிழில் அது எங்கே வழுக்கும் என்பது நெடுநாள் புழங்கிய பிறகே பிடிபடுகிறது.

முதல் வழுக்கல் ‘ஆ’ விகுதி. “குடிச்சாதான் தூக்கம் வருதா?” என்றால் அது விசாரணை. “ஆமா சார்” என்று பேச்சு நின்றுவிடும், இல்லையென்றால் அவர் நியாயம் சொல்லத் தொடங்குவார். அதையே “குடிச்சாதான் தூக்கம் வருது” என்று குரலை இறக்கி முடித்துவிட்டு இரண்டு மூன்று விநாடி பேசாமல் இருந்தால், மீதியை அவரே சொல்வார். ஊகம் தப்பானாலும் நஷ்டமில்லை. “தூக்கத்துக்கு இல்ல சார், ராத்திரி கடன் ஞாபகம் வரும், அதுக்குத்தான்” என்று திருத்துவார். நேராகக் கேட்டிருந்தால் அந்தக் கடன் அவ்வளவு சீக்கிரம் வெளியே வந்திருக்காது.

விடவும் வேண்டும், விடவும் மனமில்லை என்ற இருமனத்தைக் கையாளும் இடம்தான் இந்த முறையின் உயிர். ஓர் உதாரணம்: 42 வயதுக்காரர், லேத் பட்டறை வேலை, தினமும் ஒரு குவார்ட்டர், மனைவி வற்புறுத்தி அழைத்து வந்திருக்கிறார். அவர் சொல்கிறார்: “நாள் முழுக்க நின்ன வேலை சார். கொஞ்சம் போட்டாதான் வலி தெரியாது. பொண்ணுதான் இப்பல்லாம் பக்கத்துலயே வர்றதில்ல.”

இதற்கு வழக்கமாக வரும் பதில், “வலிக்குக் குடிக்கிறது சரி, ஆனா பொண்ண நினைச்சுப் பாருங்க.” இதில் ‘ஆனா’ வந்ததுமே முன்பாதி அடிபட்டுப்போகிறது. வலியை யாரும் கேட்கவில்லை என்று அவருக்குத் தோன்றும். அடுத்த பத்து நிமிடமும் வலியைப் பற்றியே வாதாடுவார். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லலாம்: “சாயங்காலம் உடம்பு வலிக்கு அதுதான் மருந்து மாதிரி இருக்கு. அதே நேரத்துல, பொண்ணு விலகிப் போறது உங்கள ரொம்ப உறுத்துது.” இரண்டு பக்கமும் நிற்கின்றன. மாற்றத்தின் பக்கம் கடைசியில் இருப்பதால், அவர் பெரும்பாலும் அதைப் பற்றிக்கொண்டே தொடர்வார். வரிசையைப் புரட்டிப்போட்டால் பேச்சும் வலிக்கே திரும்பிவிடும்.

இப்போது அவர் சொல்கிறார்: “அவ பத்தாவது. பரீட்சை முடியிற வரைக்குமாவது நிறுத்தணும்.” மாறுவதற்கான விருப்பத்தை அவரே சொல்லும் இதுதான் மாற்றப்பேச்சு, பலர் கோட்டைவிடுவதும் இங்கேதான். உடனே பாராட்டுவார்கள், அல்லது “அதென்ன பரீட்சை வரைக்கும்?” என்று பேரம் பேசுவார்கள். பேரம் பேசினால் அவர் சொன்னதைக்கூடப் பின்வாங்குவார். “அவ படிக்கிற நேரத்துல வீடு நிம்மதியா இருக்கணும், அதுக்கு நீங்க காரணமா இருக்கணும்னு நினைக்கிறீங்க” என்று அர்த்தத்தைக் கூட்டித் திருப்பிச் சொன்னால் போதும். அவர் தானே ஆழமாகப் போவார்.

அவர் சொன்னதை வேண்டுமென்றே கூட்டிச் சொல்லும் மிகைப்படுத்திய பிரதிபலிப்பைப் புதியவர்கள் தள்ளிவைப்பது நல்லது. “குடியால உங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல” என்பதில் குரல் ஓர் இழை பிசகினாலும் தமிழில் அது குத்தலாகக் கேட்கும். குத்தல் காதில் விழுந்தபின் அன்றைய அமர்வை மீட்பது கடினம்.

சரியாகப் போகிறதா என்று தெரிய, அவர் சம்மதத்துடன் 20 நிமிடம் பதிவுசெய்து எண்ணிப் பார்க்க வேண்டும். எம்.ஐ.டி.ஐ. என்ற மதிப்பீட்டு முறையில் ஒரு கேள்விக்கு ஒரு பிரதிபலிப்பு என்பது சுமார். இரண்டு என்றால் நல்லது. பிரதிபலிப்புகளில் பாதியாவது சொன்னதற்கு மேல் அர்த்தம் கூட்டியவையாக இருக்க வேண்டும். எண்ணாமல் நம்பினால் ஏமாந்துபோவோம். கேள்விகளே மிஞ்சி நிற்கும். “அதான் சொன்னேனே” என்று அவர் அடிக்கடி சொன்னால், வெறும் கிளிப்பிள்ளைப் பேச்சாகிவிட்டது என்று பொருள்.

ஏற்கெனவே முடிவெடுத்து வந்தவரிடம் இருமனத்தைக் கிளறக் கூடாது. குடியின் நன்மைகளை அவர் வாயாலேயே மறுபடி சொல்லவைத்ததாகிவிடும். அவரிடம் நேராகத் திட்டத்துக்குப் போக வேண்டும். தினமும் குடிப்பவர் “இன்னிக்கே விட்டுடறேன்” என்றால் பிரதிபலிப்பை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். முன்பு நிறுத்தியபோது கை நடுக்கம், வலிப்பு, இல்லாத உருவம் தெரிவது ஏதாவது வந்ததா என்று அந்த இடத்தில் ‘ஆ?’ போட்டே கேட்க வேண்டும்.