பதினாறு டிஃப்யூசரும் பாஸ். டக்டில் ஒரு துளைகூட இல்லை

ஏசி காற்று எல்லா இடத்துக்கும் டிசைன்படி போகிறதா என்று அளந்து சரிசெய்வதுதான் ஏர் பேலன்சிங். அதன் ரிப்போர்ட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, பாக்கிப் பணத்தை விடுவிக்கப்போகிறவர்கள் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். நான் படிக்காமல் போட்ட கையெழுத்தால் வந்த கதை இது. ஏமாற்றியவர்கள் மேல் கோபம் இருக்கிறது. ஆனால் அந்த ரிப்போர்ட்டை நான் உட்கார்ந்து ஒரு கால் மணி நேரம் பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நான் ஒரு அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்பவன். புதிதாகக் கட்டி முடித்த ஒரு தளம். அதற்கு ஒரே ஏ.எச்.யு, அதாவது குளிர்ந்த காற்றை ஃபேனால் தள்ளிவிடும் இயந்திரம். அதிலிருந்து கிளம்பும் மெயின் டக்ட் என்ற தகரக் காற்றுக்குழாய் நான்கு கிளைகளாகப் பிரியும். காற்று அறைக்குள் வெளிவரும் வாய்தான் டிஃப்யூசர், கிளைக்கு நான்கு, ஆக மொத்தம் பதினாறு. டிசைன்படி ஒவ்வொன்றிலும் 250 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 250 கன அடி காற்று வரவேண்டும், மொத்தம் 4,000. ஒப்பந்தத்தில் ஒவ்வொரு டிஃப்யூசருக்கும் கூடக்குறைய 10 சதவீதம் விட்டிருந்தோம். அதாவது 225-க்கும் 275-க்கும் நடுவில் எது வந்தாலும் சரி.

ரிப்போர்ட் வந்தது. வழவழப்பான அட்டை, ஸ்பைரல் பைண்டிங். பதினாறு ரீடிங்கும் 241-க்கும் 259-க்கும் நடுவில். மொத்தம் 4,004. ஃபேன் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று குறிப்பு. 'திருத்த நடவடிக்கை' என்ற பத்தியில் பதினாறு இடத்திலும் 'தேவையில்லை'. அழகாக இருந்தது, கையெழுத்துப் போட்டேன்.

ஆட்கள் குடிவந்த முதல் வாரமே கடைசி அறையில் இருந்தவர்கள் வியர்த்துக்கொண்டு வந்து நின்றார்கள். ஏ.எச்.யு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி ஒருவர் கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, "தலைமேல காத்து கொட்டுது சார், ஃபைல் பேப்பரெல்லாம் பறக்குது" என்றார். இரண்டு புகாரும் ஒரே ஏ.எச்.யுவைப் பற்றி, ஒரே நாளில்.

பேலன்சிங் செய்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். சூப்பர்வைசர் வந்தார். "எல்லாம் பத்து பர்சென்ட்டுக்குள்ளதான் சார் இருக்கு, நீங்களே சைன் பண்ணியிருக்கீங்களே" என்று என் கையெழுத்தையே எனக்குக் காட்டினார். பிறகு ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டியின் டிஸ்ப்ளேயைப் பார்த்தோம். 42 ஹெர்ட்ஸ். "பாத்தீங்களா, யாரோ ஸ்பீடைக் குறைச்சிட்டாங்க. அதான் பிரச்சினை" என்று சொல்லி 50-க்கு ஏற்றிவிட்டுக் கிளம்பிவிட்டார். இதுதான் அவர்கள் செய்த ஒரே திருத்த நடவடிக்கை.

அன்று மாலைக்குள் முன்பக்க டிஃப்யூசர்கள் பிரஷர் குக்கர் மாதிரிச் சீற ஆரம்பித்தன. கடைசி அறையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. மறுநாள் நானே 42-க்கு இறக்கிவிட்டேன்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. டக்டுக்குள் காற்றின் வழியைத் திறந்து மூடும் டேம்பர்களைத் தொடாமல் ஃபேன் வேகத்தை மட்டும் மாற்றினால் எல்லா டிஃப்யூசரிலும் காற்று ஒரே விகிதத்தில்தான் ஏறும், ஒரே விகிதத்தில்தான் இறங்கும். 50-இல் பதினாறும் சமமாக இருந்தது உண்மையானால், 42-இல் பதினாறும் சமமாகக் குறைந்து 84 சதவீதத்துக்கு வந்திருக்கும். ஒருவர் தலையில் கொட்டுவதும் இன்னொருவர் வியர்ப்பதும் வேகத்தால் வர வாய்ப்பே இல்லை. யாரோ ஸ்பீடைக் குறைத்தார்கள் என்ற சாக்கு அங்கேயே விழுந்துவிட்டது.

ரிப்போர்ட்டை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை படித்தேன். மெயின் டக்டில் காற்றின் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயை வைத்து எடுத்த டிராவர்ஸ் ரீடிங் என்று ஒரு பக்கம். மொத்தம் 4,004 சி.எஃப்.எம். பதினாறு டிஃப்யூசரின் கூட்டுத்தொகையும் 4,004. அதாவது ஏ.எச்.யுவிலிருந்து கிளம்பிய காற்று ஒரு சி.எஃப்.எம். கூடக் கசியாமல் அப்படியே அறைகளுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது! தகரத்தில் செய்து, மூலைக்கு மூலை இணைத்த டக்ட் அப்படி இருக்காது. சீல் நன்றாகச் செய்த டக்டிலும் சில சதவீதம் போகும். போகாவிட்டாலும்கூட, இரண்டு வேறு கருவிகளில் இரண்டு வேறு முறைகளில் எடுத்த அளவு கடைசி இலக்கம் வரை ஒத்துப்போவது லாட்டரி விழுவது போல.

ஏணியைப் போட்டு ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏறினேன். டிராவர்ஸ் எடுப்பது என்றால் டக்டில் துளை போட்டே ஆகவேண்டும். எங்கள் மெயின் டக்ட் 24-க்கு 20 அங்குலம். ஒரு பக்கத்தில் ஐந்து துளை, ஒவ்வொரு துளையிலும் குழாயை ஐந்து ஆழங்களுக்கு நுழைத்து, 25 புள்ளிகளில் காற்றின் வேகத்தை எடுத்து, சராசரியைக் குறுக்குப் பரப்பால் பெருக்குவார்கள். முடிந்ததும் துளைகளை ரப்பர் அடைப்பானால் மூடுவார்கள். நான் டார்ச் அடித்து மெயின் டக்ட் முழுக்கத் தடவிப் பார்த்தேன். இன்சுலேஷனில் ஒரு கீறல்கூட இல்லை. டேம்பர் கைப்பிடிகளில் கட்டுமானத் தூசி அப்படியே படிந்திருந்தது. பேலன்சிங் முடிந்த டேம்பரில் கைப்பிடி நிற்கும் இடத்தை மார்க்கரால் கோடு போட்டு வைப்பது வழக்கம், பிறகு யாராவது நகர்த்தினால் தெரியவேண்டும் என்பதற்காக. ஒன்றில்கூடக் கோடு இல்லை.

கடைசி அறை டிஃப்யூசரின் முகப்பைக் கழற்றியதும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கட்டுமானத்தின்போது தூசி போகாமலிருக்கக் கழுத்தில் கட்டிய பிளாஸ்டிக் தாள், ஓரத்தில் மட்டும் கிழிந்து, காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ரிப்போர்ட்டில் அந்த டிஃப்யூசரின் ரீடிங் 247.

தாளை அப்படியே விட்டுவைத்து, இந்த வேலையையே செய்யும் வேறு இருவரை அழைத்தேன். எதையும் தொடுவதற்கு முன்னால், இருக்கிற நிலையில் அளக்கச் சொன்னேன். ஃப்ளோ ஹூட்டை ஒவ்வொரு டிஃப்யூசரிலும் கூடாரம் மாதிரி ஒட்டிப் பிடித்து எடுத்தார்கள். முதல் கிளையில் 296 முதல் 318 வரை. இரண்டாவது கிளை தற்செயலாகச் சரியாக இருந்தது, 240 முதல் 262. மூன்றாவதில் 200-ஐ ஒட்டி. நான்காவதில் 130, 121, 112, அந்தப் பிளாஸ்டிக் தாள் டிஃப்யூசரில் 57. எல்லைக்குள் இருந்தவை பதினாறில் நான்கே நான்கு. கூட்டினால் 3,420. டக்டில் நிஜமாகவே துளை போட்டு எடுத்த டிராவர்ஸில் 3,760. நடுவில் 340 சி.எஃப்.எம்., ஒன்பது சதவீதம், சீலிங்குக்கு மேலே எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

இந்த எண்களைப் பார்த்ததும் நான் கேட்ட முட்டாள் கேள்வி, "அப்போ ஸ்பீடை ஏத்திடலாமா?" மூத்தவர் தலையாட்டி மறுத்தார். "வேகம் கடைசி வேலை சார். மொதல்ல அடைப்பையும் ஓட்டையையும் எடுப்போம்." பிளாஸ்டிக்கை உருவினார்கள். நான்காவது கிளையின் டேம்பர் பாதி மூடிக் கிடந்தது, திறந்தார்கள். மூன்றாவது கிளை மெயின் டக்டோடு சேரும் காலரில் சீலன்ட்டே பூசவில்லை. கையை வைத்தால் காற்று தெரிந்தது. பூசி, காயவிட்டு, மறுநாள் வந்தார்கள்.

அதற்குப் பிறகு செய்ததுதான் பேலன்சிங். ஒவ்வொரு கிளையிலும் டிசைனோடு ஒப்பிட்டால் எது மிகக் குறைவோ அதன் டேம்பரை முழுக்கத் திறந்தபடி விட்டுவிட்டு, மற்றவற்றை மெல்ல மெல்ல மூடி அதே விகிதத்துக்குக் கொண்டுவருவது. ஒன்றை மூடினால் அந்தக் காற்று பக்கத்து டிஃப்யூசர்களுக்குப் போகும், அவற்றின் ரீடிங் மாறும். ஆகவே ஒரு சுற்றில் முடியாது. திரும்பத் திரும்ப ஏணியை நகர்த்தவேண்டும். கிளைக்குள் சமமானதும், கிளைகளை ஒன்றோடொன்று அதே மாதிரி சமப்படுத்தினார்கள். இதில் 250 வருகிறதா என்று யாரும் பார்க்கவில்லை, விகிதம் ஒன்றாக இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். முடிவில் பதினாறும் ஏறக்குறைய 90 சதவீதத்தில் வந்து நின்றன. கூட்டுத்தொகை 3,620, டிராவர்ஸ் 3,740. கசிவு மூன்று சதவீதச் சொச்சம்.

இப்போது வேகம். 4,000-ஐ 3,620-ஆல் வகுத்தால் 1.105. 42 ஹெர்ட்ஸை அதால் பெருக்கினால் 46.4. வி.எஃப்.டியில் 46.5 வைத்தார்கள். காற்று வேகத்தோடு நேர் விகிதத்தில் ஏறும், ஆனால் ஃபேன் இழுக்கும் பவர் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். மூன்று 1.105-களை ஒன்றோடொன்று பெருக்கினால் 1.35, அதாவது 35 சதவீதம் கூடுதல். அதனால் மோட்டாரின் கரன்ட்டை அளந்து, தகட்டில் போட்டிருக்கும் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கிளம்பினார்கள். முந்தைய சூப்பர்வைசர் கண்ணை மூடிக்கொண்டு 50-க்கு ஏற்றியபோது பவர் 42-இல் இருந்ததைவிட 69 சதவீதம் ஏறியிருக்கும். மோட்டாரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசி ரீடிங்குகள் 236 முதல் 263 வரை. ரிப்போர்ட்டில் ஒவ்வொரு டிஃப்யூசருக்கும் மூன்று எண்கள்: டிசைன், முதலில் வந்தது, கடைசியில் வந்தது. பக்கத்திலேயே என்ன செய்தார்கள் என்று கையெழுத்தில். காகிதத்தில் ஏணித் தூசி. இருவருக்கும் சேர்த்து ஒன்றரை நாள் பிடித்தது. பழைய ஆட்கள் வந்த நாளில் வாயில்புறப் பதிவேட்டைப் புரட்டினேன், உள்ளே நுழைந்ததற்கும் வெளியே போனதற்கும் நடுவில் 40 நிமிடம். காபி குடித்த நேரமும் அதில் அடக்கம்.

உங்கள் ரிப்போர்ட்டில் 'முதலில் வந்தது' என்ற பத்தியே இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். புதிதாகப் போட்ட டக்டில் எதையும் தொடாமல் எல்லா இடத்திலும் சரியாக வருவது நடக்காத காரியம். பிறகு டிராவர்ஸ் பக்கத்தைத் திறந்து, துளை எங்கே என்று கேளுங்கள். காட்டச் சொல்லுங்கள். நல்ல ஆட்கள் சந்தோஷமாக ஏணி போட்டுக் காட்டுவார்கள். ஏதாவது மூன்று டிஃப்யூசரை நீங்களே தேர்ந்தெடுத்து, உங்கள் கண்முன்னால் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஏ.எச்.யுவுக்குப் பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கட்டாயம் கடைசி முனையில் ஒன்று. ஹூட்டில் வரும் எண் ரிப்போர்ட்டில் இருப்பதோடு அச்சு அசலாக ஒத்துப்போகாது, ஐந்தாறு சதவீதம் முன்னே பின்னே இருக்கும், அதற்காகச் சண்டை போடாதீர்கள். 247 என்று எழுதிய இடத்தில் 57 வந்தால் சண்டை போடுங்கள்.

முதல் நிறுவனத்துக்குப் புது ரீடிங்குகளையும், பிளாஸ்டிக் தாளின் படத்தையும் வைத்து எழுத்துமூலம் புகார் அனுப்பினேன். பத்து நாள் கழித்து, யாரும் நேரில் வராமலே, 'திருத்திய ரிப்போர்ட்' என்று ஒன்று மெயிலில் வந்தது. பதினாறு ரீடிங்கும் புதிது, எல்லாம் 10 சதவீதத்துக்குள். ஃபேன் 50 ஹெர்ட்ஸ். கூட்டுத்தொகை 3,996. டிராவர்ஸ் 3,996.