14 மாதம் பர்பி உடற்பயிற்சி செய்த பிறகு: புதிதாக வருபவர்கள் திண்ணையில் இருந்து ஆரம்பியுங்கள்

எனக்கு 41 வயது. ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற ஊரில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், நாள் முழுக்க நாற்காலிதான். பர்பி ஆரம்பித்து 14 மாதம் ஆகிறது. சொல்லிக்கொடுத்தவன் அக்கா மகன், அப்போது போலீஸ் தேர்வுக்காகக் கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தான். குந்தி, கை ஊன்றி, காலைப் பின்னால் எறிந்து, ஒரு தண்டால் எடுத்து, திரும்பக் குந்தி, எழுந்து குதிக்க வேண்டும். முதல் நாளே பத்து செய்தேன். ஏழாவதில் இடுப்பு தொங்கிவிட்டது, அது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் குனிந்து செருப்பு வாரைப் போட முடியாத அளவுக்குப் பிடிப்பு. இரண்டு வாரம் சும்மா இருந்தேன்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தண்டாலும் குதியும் சேர்ந்த முழு பர்பி, உடற்பயிற்சியே செய்யாதவருக்கு ஏற்றதல்ல. ஆனால் அதன் பழைய வடிவம் ஏற்றது. 1930களின் கடைசியில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வுக்காக ராயல் பர்பி என்பவர் இதை ஒரு உடல்தகுதிச் சோதனையாக உருவாக்கினார். அதில் தண்டாலும் இல்லை, குதியும் இல்லை. குந்துவது, காலை நீட்டுவது, காலை மடக்குவது, எழுவது, அவ்வளவுதான். அதையும் நான்கே முறை செய்யவைத்து, முன்னும் பின்னும் நாடித் துடிப்பை எண்ணினார். இன்று ‘எளிய வடிவம்’ என்று நாம் கொஞ்சம் கூச்சத்தோடு செய்வதுதான் அசல்.

பிடிப்பு விட்ட பிறகு வீட்டுத் திண்ணையில் ஆரம்பித்தேன். முழங்கால் உயரத்துக்கும் சற்று மேல் இருக்கும் சிமெண்டுத் திண்ணை. இரண்டு கையையும் தோளுக்கு நேர் கீழே வருகிற மாதிரி ஊன்றி, வயிற்றை இறுக்கி, வலது காலைப் பின்னால் வைத்து, அப்புறம் இடதை வைத்து, தலை முதல் குதிகால் வரை ஒரே கோடாக ஒரு மூச்சு நேரம் நின்று, அதே வரிசையில் காலை முன்னால் கொண்டுவந்து எழுவேன். குதிப்பது கிடையாது. ஐந்து, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி ஐந்து, அப்படி மூன்று சுற்று. வாரம் மூன்று நாள். கை உயரமாக இருப்பதால் இடுப்பில் விழும் பாரம் குறைகிறது, முழுசாகக் குந்தவும் வேண்டியதில்லை. ஐந்து முடித்ததும் ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பார்ப்பேன், முடியாவிட்டால் அடுத்த சுற்றுக்கு இன்னும் கொஞ்சம் காத்திருப்பேன்.

இரண்டு மாதம் கழித்துத்தான் தரைக்கு இறங்கினேன். அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய ஈர மணலில் செய்யுங்கள். உலர்ந்த மணலில் உள்ளங்கை புதைந்து மணிக்கட்டு பின்னால் மடங்கும், வலி அங்கேதான் ஆரம்பிக்கும். ஈர மணலில் இன்னொரு வசதியும் உண்டு. செய்து முடித்து எழுந்ததும் மருமகன், “மாமா, கீழே பாருங்க” என்றான். உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் ஆழமாகப் பதிந்து, விரல் தடம் லேசாகத் தெரிந்தது. பாரம் முழுக்க மணிக்கட்டில். விரல்களை விரித்து, தரையைப் பிடிப்பது போல அழுத்தியதும் தடம் சமமானது. காலிலும் அப்படித்தான், முன்னால் கொண்டுவந்த காலுக்கு முன்பாதத் தடம் மட்டும், குதிகால் தடமே இல்லை. அந்த நிலையில் எழுந்தால் முழங்கால்தான் இழுத்துத் தூக்குகிறது. கால்களைக் கைகளுக்கு வெளிப்பக்கமாக, தோளை விடச் சற்று அகலமாக வைத்த பிறகு குதிகாலும் பதிய ஆரம்பித்தது.

இடுப்பு தொங்குவது மட்டும் மணலில் தெரியாது. யாரையாவது பக்கவாட்டில் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். கை ஊன்றி உடலை ஒரே கோடாக வைத்து அசையாமல் நிற்கும் பிளாங்க் நிலையில் 30 வினாடி தொங்காமல் நிற்க முடிந்த பிறகுதான் இரண்டு காலையும் ஒன்றாகப் பின்னால் எறிய ஆரம்பித்தேன், அது நான்காவது மாதம். குதி ஏழாவது மாதத்தில் வந்தது. தண்டாலை நான் சேர்க்கவே இல்லை, களைத்த பிறகு அதில்தான் இடுப்பு முதலில் விழுகிறது.

எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுவது நல்லது. சட்டென்று எழும்போது கண் இருட்டினால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கர்ப்பம் என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

இப்போது ஒரு சுற்றுக்கு எட்டு, ஐந்து சுற்று செய்கிறேன். அக்காவுக்கு 52 வயது, முழங்கால் வலி உண்டு. அவர் எட்டு மாதமாகத் திண்ணையில்தான், ஒவ்வொரு காலாக வைத்துச் செய்கிறார். முன்பு மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுவார், இப்போது துணி வாளியோடு ஒரே மூச்சில் ஏறுகிறார். அவரைத் தரைக்கு இறக்கும் எண்ணம் எனக்கும் இல்லை, மருமகனுக்கும் இல்லை.