டிஷர்ட், காபி மக் லிஸ்டிங்: ரெடிமேட் மாக்கப்பா, வாங்கிய மாக்கப்பா, சாம்பிள் போட்டோவா?

பிரிண்ட் ஆன் டிமாண்டில் விற்கிறவர் கையில், விற்கும் நேரத்தில் பொருளே இருப்பதில்லை. ஆர்டர் வந்த பிறகுதான் அச்சாகிறது, அதுவும் வேறு ஊரில், பல நேரம் வேறு நாட்டில். அதனால் வாங்குகிறவர் நம்பிப் பணம் கட்டுவது லிஸ்டிங்கில் இருக்கும் படத்தை மட்டும்தான். அந்தப் படத்துக்கு மூன்று வழி இருக்கிறது: அச்சடித்துத் தரும் நிறுவனத்தின் தளமே டிசைனைப் பொருளின் படத்தில் பொருத்தித் தானாக உருவாக்கும் மாக்கப், காசு கொடுத்து வாங்கும் பிஎஸ்டி மாக்கப் (ஃபோட்டோஷாப்பில் டிசைனை உள்ளே போட்டால் மாடல் போட்டிருக்கும் டிஷர்ட்டில் வந்து உட்காரும், அது), அப்புறம் ஒரு சாம்பிள் வரவழைத்து நாமே எடுக்கும் போட்டோ. மூன்றும் பொய் சொல்லும், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில். எது எங்கே பொய் சொல்கிறது என்று தெரிந்தால் தேர்வு சுலபம்.

அளவு: இங்கே ரெடிமேட் மாக்கப்தான் ஜெயிக்கிறது

பிரிண்ட்ஃபுல், பிரிண்டிஃபை மாதிரி தளங்களில் டிசைனை ஏற்றியதும் வரும் படம் கொஞ்சம் உயிரில்லாமல் இருக்கும், எல்லாக் கடையிலும் அதே மாடல், அதே நிற்பு. ஆனால் டிசைன் துணியில் எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாக விழும் என்பதை ஓரளவு சரியாகவே காட்டும், ஏனென்றால் அச்சுக்குப் போகும் அதே அளவை வைத்துத்தான் அந்தப் படம் உருவாகிறது.

வாங்கிய பிஎஸ்டி மாக்கப்பில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. உள்ளே இருக்கும் பெட்டியை டிசைனால் நிரப்பினால் நெஞ்சு முழுக்கப் பரவி அழகாக இருக்கும், நிஜத்தில் அப்படி வராது. ஒரு உதாரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பெல்லா கேன்வாஸ் 3001 என்கிற, இந்தத் தொழிலில் அதிகம் புழங்கும் டிஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். மீடியம் சைஸில் அக்குளுக்கு அக்குள் 20 அங்குலம். டிசைனின் அகலம் 10 அங்குலம் என்றால் டிஷர்ட் அகலத்தில் சரிபாதி. இப்போது மாக்கப் படத்தைத் திறந்து, அக்குளுக்கு அக்குள் எத்தனை பிக்சல் என்று அளந்து பாருங்கள். 800 பிக்சல் வந்தால் ஒரு அங்குலத்துக்கு 40 பிக்சல், ஆகவே டிசைன் 400 பிக்சல் அகலத்தில்தான் இருக்க வேண்டும். பெட்டியை நிரப்பி 560 பிக்சலுக்கு இழுத்துவிட்டால் 14 அங்குலம் ஆகிறது. பல நிறுவனங்களின் அச்சு எல்லையே சுமார் 12 அங்குலம் என்னும்போது, மெஷினே போட முடியாத ஒன்றை நாம் படமாகக் காட்டுகிறோம் என்று அர்த்தம்.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கலை எந்த மாக்கப்பும் காட்டாது. பெரும்பாலும் ஸ்மால் முதல் 2எக்ஸ்எல் வரை ஒரே அளவு டிசைன்தான் அச்சாகும். அதே 10 அங்குலம், 18 அங்குல ஸ்மாலில் பாதிக்கு மேல் அடைத்துக்கொள்ளும், 26 அங்குல 2எக்ஸ்எல்லில் ஐந்தில் இரண்டு பங்குகூட வராது. பெரிய சைஸ் வாங்கியவர்கள் "படத்தில் பெரிதாக இருந்தது, வந்தது குட்டியாக இருக்கிறது" என்று எழுதுவது இதனால்தான், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே விவரத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்: "டிசைனின் அகலம் 10 அங்குலம், எல்லா சைஸுக்கும் இதே அளவு, படத்தில் இருப்பவர் அணிந்திருப்பது மீடியம்." பிரீமியம் தரம், அசத்தலான லுக் என்று நாலு வரி எழுதுவதைவிட இந்த ஒரு வரி அதிக வேலை செய்யும்.

நிறம்: இங்கே சாம்பிள் போட்டோவுக்குப் பக்கத்தில் எதுவும் வராது

தளம் தரும் மாக்கப், வாங்கிய மாக்கப் இரண்டுமே திரையின் நிறத்தை அப்படியே துணிமேல் ஒட்டிக் காட்டுபவை. அச்சு அப்படி வேலை செய்வதில்லை. டிடிஜி முறையில், அதாவது துணிமேல் நேரடியாக மையைத் தெளிக்கும் முறையில், கறுப்பு டிஷர்ட்டுக்கு முதலில் ஒரு திரவம் தெளித்துக் காயவைப்பார்கள், அதன்மேல் வெள்ளை மை ஒரு அடுக்கு, அதற்கும் மேலேதான் மற்ற நிறங்கள். திரையில் கண்ணைப் பறிக்கும் #39FF14 பச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒளிர்வை வழக்கமான நாலு மைகளால் எப்படிக் கலந்தாலும் கொண்டுவர முடியாது, துணியில் அது ஒரு சாதாரண இலைப்பச்சையாகத்தான் வந்து நிற்கும். மாக்கப்போ அதே நியான் பச்சையைக் காட்டிக்கொண்டிருக்கும்.

எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். திரையில் அந்த ஒளி மெல்ல மெல்லக் கரைந்து கறுப்பில் மறையும். அச்சில் அந்தப் பாதி தெரியும் பிக்சல்களுக்கு அடியிலும் வெள்ளை மை விழுகிறது, விளைவு எழுத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெளிறிய விளிம்பு. இதைப் படத்தில் மறைக்க வழி தேடாமல் டிசைனிலேயே சரிசெய்வதுதான் முறை: ஒளிவட்டத்தை எடுத்துவிடுங்கள், வேண்டுமே வேண்டும் என்றால் முழு நிறமுள்ள சின்னச் சின்னப் புள்ளிகளாக, வெளியே போகப் போகப் புள்ளி சிறுத்துக்கொண்டே போகிற மாதிரி மாற்றிவிடுங்கள். உங்கள் பிஎன்ஜி கோப்பில் இப்படிப் பாதி தெரியும் பிக்சல் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பார்க்க, பின்னால் ஒரு அடர் சிவப்பு லேயர் வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

சாம்பிள் போட்டோ எடுக்கும்போது ஜன்னல் பக்கம், நேர் வெயில் படாத வெளிச்சத்தில், ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள். பிறகு அந்தத் தாள் வெள்ளையாகத் தெரிகிற அளவுக்கு மட்டும் நிறத்தைத் திருத்தினால் போதும், டிசைனைத் தனியாகப் பளிச்சென்று ஆக்கத் தொடங்கினால் சாம்பிள் வாங்கிய காசு வீண். ஒருமுறை துவைத்த பிறகும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், நூலின் மெல்லிய இழைகள் மேலே எழுந்து அச்சு கொஞ்சம் மங்கும், வாங்குகிறவர் பல மாதம் பார்க்கப்போவது அந்தத் தோற்றத்தைத்தான்.

சாம்பிளிலும் ஓட்டை உண்டு

சாம்பிள் என்பது ஒரு நிறம், ஒரு சைஸ், ஒரு டிசைன். கடையில் நாற்பது டிசைன் இருந்தால் நாற்பது சாம்பிள் யாரும் வாங்க மாட்டார்கள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து அமெரிக்காவில் அச்சடித்து விற்கிறவருக்கு அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்து டிஷர்ட் விலையையே தாண்டிவிடக்கூடும். அங்கே சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர் வீட்டுக்கு அனுப்பி, மேலே சொன்ன மாதிரி படம் எடுத்து அனுப்பச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவரும். திருப்பூரிலோ சென்னையிலோ அச்சடிக்கிற நிறுவனத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தச் சாக்கே கிடையாது, நேரே வாங்கிப் பார்த்துவிடலாம்.

என் தேர்வு இந்த மூன்றில் ஒன்று அல்ல, மூன்றையும் கோத்த ஒன்று. ஒரே ஒரு சோதனை டிசைன் செய்யுங்கள்: நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நிறங்கள் எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாக, கீழே மெல்லிய கோடுகள், நீங்கள் பயன்படுத்தும் மிகச் சிறிய எழுத்து. தமிழ் எழுத்து போடுகிறவர்கள் ‘க்’, ‘ம்’ போன்ற மெய்யெழுத்துகளைக் கட்டாயம் சேருங்கள், மேலே உள்ள புள்ளி சின்ன அளவில் எழுத்தோடு ஒட்டிப்போவதை இங்கேதான் பிடிக்க முடியும். இதைக் கறுப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று அச்சடித்து வாங்கி, அந்தப் போட்டோவிலிருந்து ஒவ்வொரு கட்டத்தின் நிஜ நிறத்தையும் எடுத்துக் குறித்துவையுங்கள். இனிமேல் பிஎஸ்டி மாக்கப் செய்யும்போது அச்சுக்குப் போகும் கோப்பை உள்ளே போடாமல், இந்த நிஜ நிறங்களால் மாற்றிய ஒரு பிரதியைப் போடுங்கள், அளவைத் தளத்தின் மாக்கப்போடு ஒப்பிட்டுப் பிக்சல் கணக்கில் பொருத்துங்கள். லிஸ்டிங்கில் முதல் படமாக இது, இரண்டாவதாகத் தளத்தின் மாக்கப், மூன்றாவதாக ஏதாவது ஒரு டிசைனின் நிஜ அச்சை நெருக்கமாக எடுத்த போட்டோ, கீழே "அச்சுத் தரத்தைக் காட்டும் நிஜப் படம், டிசைன் வேறு" என்று எழுதி. அந்தக் குறிப்பு இல்லாமல் வேறு டிசைனின் படத்தைப் போடாதீர்கள்.

காபி மக்கில் கணக்கே வேறு

மக்கில் நிறத்தைவிட வளைவுதான் ஏமாற்றுகிறது. 11 அவுன்ஸ் மக்கின் குறுக்களவு ஏறக்குறைய 8.2 செ.மீ., சுற்றளவு கிட்டத்தட்ட 26 செ.மீ. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதிகபட்சம் பாதி, 13 செ.மீ., அதிலும் ஓரங்கள் வளைந்து ஒடுங்கித் தெரியும். டிசைன் 9 செ.மீ. அகலம் என்றால் நேரே பார்க்கும்போது ஓரத்து எழுத்துகள் பாதிக்கும் குறைவான அகலத்தில்தான் தெரியும். "காபி குடித்து முடிக்கும்வரை என்னிடம் எதுவும் கேட்காதே" என்று 20 செ.மீ. நீளத்துக்கு ஒரே வரியில் ஓட்டினால், அதை முழுதாகப் படிக்க மக்கைச் சுழற்றத்தான் வேண்டும். மலிவான பிஎஸ்டி மாக்கப்புகள் பல, டிசைனை வளைக்காமல் தட்டையாக முன்பக்கம் ஒட்டிவிடுகின்றன, அந்த வரி முழுதும் ஒரே பார்வையில் தெரிவதுபோல. இந்த விஷயத்தில் தளத்தின் மாக்கப் நல்லது, இடப்பக்கம், முன்பக்கம், வலப்பக்கம் என்று மூன்று கோணமும் தரும், மூன்றையும் போடுங்கள். ஒரே பார்வையில் படிக்க வேண்டிய வாசகம் என்றால் 7 செ.மீ. அகலத்துக்குள் மூன்று வரியாக மடக்கிவிடுவது என் பழக்கம்.

மக்கில் பெரும்பாலும் சப்ளிமேஷன் அச்சுதான், அதாவது சூட்டாலும் அழுத்தத்தாலும் மையை மக்கின் பூச்சுக்குள் ஏற்றும் முறை, அதில் வெள்ளை மை கிடையாது, டிசைனில் வெள்ளையாக இருப்பதெல்லாம் மக்கின் சொந்த வெள்ளைதான். கைப்பிடி அருகே அச்சு வராது, அந்த ஓரத்தில் அழுத்தமும் சூடும் சீராக விழாததால் நிறம் கொஞ்சம் வெளிறவும் செய்யும், ஆகவே முக்கியமான எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள். விவரத்தில் எந்தப் பக்கம் அச்சு என்று தெளிவாகச் சொல்லுங்கள்: வலக்கையில் பிடித்துக் குடிப்பவருக்குத் தெரிவது, கைப்பிடி வலப்பக்கம் இருக்கிற படத்தில் நாம் பார்க்கும் முகம், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது மற்றது. ஒரு பக்கம் மட்டும் அச்சென்றால் பரிசாக வாங்குகிறவருக்கு இது பெரிய விஷயம்.

படத்தால் சொல்ல முடியாதது

புது டிடிஜி டிஷர்ட்டில் அச்சைச் சுற்றி லேசான கட்டம் தெரியலாம், லேசாக வினிகர் வாசமும் வரலாம், அந்த முன்திரவத்தின் மிச்சம்தான் அது, பெரும்பாலும் முதல் துவைப்பில் போய்விடும். இதை விவரத்தில் முன்கூட்டியே எழுதியிருந்தால் வாங்கியவர் கறை என்று நினைத்துத் திருப்பி அனுப்ப மாட்டார். எட்ஸியில் விற்கிறீர்கள் என்றால் அச்சடித்துத் தரும் நிறுவனத்தை உற்பத்திப் பங்குதாரராகக் காட்ட வேண்டும் என்பது விதி, அதையும் விடாதீர்கள்.

அச்சு நிறுவனம் துணியையோ அச்சு முறையையோ மாற்றினால் உங்கள் நிறக் குறிப்புகள் செல்லாது. குறிப்பாக டிடிஜியிலிருந்து டிடிஎஃப்புக்கு மாறினால், அது ஃபிலிமில் அடித்துச் சூட்டில் ஒட்டுவது என்பதால், நிறம் அடர்த்தியாகவும் கைக்குத் தனி அடுக்காகவும் இருக்கும். அன்றைக்கே அந்தச் சோதனை டிசைனை மறுபடி ஆர்டர் செய்துவிட்டு, புதியது வரும்வரை நெருக்கப் போட்டோவை லிஸ்டிங்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.